மாமா கடையில் 306 மணி நேரம்: பயிற்சிப் படிவத்தில் 500 என்று எழுதலாமா?

*வாசகர் கடிதம்:*

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் நான். 2017-ல் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் டி.பார்ம். என்னும் மருந்தாளுநர் டிப்ளமோ படிப்பில் சேர்ந்தேன். அஸ்தம்பட்டியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். 2019 ஆகஸ்ட் கடைசியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதி முடித்துத் தேறினேன். மாமா மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை முதல் பதினேழு வாரம், வாரத்தில் ஆறு நாள், மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை கடையில் நின்றேன். கடையின் மருந்தாளுநர் மாதத்தில் ஓரிரு நாள் வந்து கையெழுத்திட்டுப் போவார். பிறகு திருமணம், குழந்தை என்று மருந்தாளுநராகப் பதிவு செய்யாமலே இருந்துவிட்டேன். இப்போது மலையிலேயே ஒரு மருந்துக்கடை தொடங்க விரும்புகிறேன். மதிப்பெண் பட்டியல்கள் கையில் இருக்கின்றன, டிப்ளமோ சான்றிதழ் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் பயிற்சிப் படிவம் கொண்டுவரச் சொல்கிறார்கள். மாமா 500 மணி நேரம் என்று நிரப்பி, பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அதைக் கொடுத்துத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துவிடலாமா? வேறு என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? பதிவு வரும்வரை வேறொருவர் பெயரில் கடையைத் திறக்கலாமா?

*வழக்கறிஞர் பதில்:*

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் படிவத்தைக் கல்லூரியில் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பின்னால் பார்க்கலாம். இந்தப் படிவத்தைப் பொறுத்தவரை இதுவரை நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. படிவம் உங்கள் பையில் இருக்கும்வரை அது வெறும் தாள். கல்லூரி முதல்வரின் மேசைக்குப் போன பிறகுதான் அது உங்கள் கையெழுத்தையும் தாங்கிய பொய்ச் சான்றாகிறது.

இரண்டு ஆண்டுத் தேர்விலும் தேறியாகிவிட்டது, மிச்சமிருப்பது சான்றிதழ் என்கிற ஒரு காகிதம்தான் என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. உங்கள் நிலையில் இருக்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் படித்த காலத்தில் நடப்பில் இருந்தது 1991-ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறை. அதன்படி டி.பார்ம். படிப்பு மூன்று பகுதிகள் கொண்டது. முதல் இரண்டும் வகுப்பும் தேர்வும். மூன்றாவது செய்முறைப் பயிற்சி. மூன்றாம் பகுதியை முடித்ததற்கான சான்றைக் காட்டினால்தான் தேர்வு நடத்தும் வாரியம் டிப்ளமோவையே வழங்கும். ஆகவே உங்கள் சான்றிதழ் எங்கும் தாமதமாகவில்லை. படிப்பின் ஒரு பகுதி இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். கல்லூரி படிவம் கேட்பது சரி. பழைய தேதியிட்ட படிவத்தை வாங்கிக்கொள்ள அவர்கள் தயாராக இருப்பார்களேயானால், அது சரியல்ல.

306 மணி நேரத்தில் எத்தனை மிஞ்சும்?

பயிற்சிக்கு விதி கேட்பது 500 மணி நேரம். அது மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில் பரவியிருக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து மருந்து வழங்கும் வேலையில் கழிந்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் புதிய ஒழுங்குமுறையிலும் இந்த மூன்று அளவுகளும் மாறவில்லை.

நீங்கள் எழுதியபடி கணக்கிடுகிறேன். நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், பதினேழு வாரம். மொத்தம் 306. மாமா 500 என்று எழுதியதில் 194 மணி நேரம் நடக்காதது. ஆனால் சிக்கல் அந்த 194-உடன் நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதிய பிறகுதான் ஒரு மாணவர் பயிற்சிக்குத் தகுதி பெறுகிறார். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எழுதி முடித்திருந்தால் போதும். நீங்கள் எழுதி முடித்தது ஆகஸ்ட் கடைசியில், கடையில் நிற்கத் தொடங்கியது ஜூலையில். அந்த ஒன்பது வாரத்து 162 மணி நேரம் கணக்கில் வராது. மிச்சம் 144.

அந்த 144-லும் மருந்தாளுநர் கடையில் இருந்தது ஓரிரு நாள்தான். பயிற்சி என்பது பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் அதே வேலையில் பக்கத்தில் இருந்து கற்றுத்தருவது. நீங்கள் கவுண்டரில் நின்றீர்கள், மருந்துப் பெயர்களும் அலமாரிகளும் பழகின. அதன் பயன் உங்களோடு இருக்கும். ஆனால் சீட்டில் எழுதிய அளவு குழந்தையின் எடைக்குச் சரிதானா என்று உங்களைக் கேட்டு, தவறினால் திருத்த அங்கே ஆள் இல்லை. போதாததற்கு, பயிற்சி தொடங்கும் முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டிய ஒப்பந்தப் படிவமும் அப்போது இல்லை. எனவே அந்த 306 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட நம்பிக் கணக்கில் வைக்க முடியாது என்பதே என் கருத்து. எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொய்ப் படிவம் எப்படி வெளியே வரும்?

‘ஆறு ஆண்டுக்கு முந்தையது, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று மாமா சொல்லியிருப்பார். பார்ப்பவர் வேறெதையும் தேட வேண்டாம், படிவத்தில் இருக்கும் தேதிகளே போதும். பயிற்சி தொடங்கிய நாளையும் தேர்வு முடிந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் படிவம் அங்கேயே விழுந்துவிடும். அடுத்து, கடையின் உரிமத்தில் இருக்கும் மருந்தாளுநரின் பெயர் அதே மாதங்களில் வேறொரு கடையிலோ மருத்துவமனையிலோ முழுநேர வேலையில் இருந்தால், அது இன்னொரு முடிச்சு.

மூன்றாவது, ஆள் கணக்கு. ஒரு மருந்தாளுநர் உள்ள இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பயிற்சியாளர்களுக்கு மேல் இருக்கக்கூடாது. கூடுதலாக உள்ள ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் ஒருவர் சேரலாம். மூன்று மருந்தாளுநர்கள் இருந்தால் நான்கு பேர் வரை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞரின் படிவத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அவர் உண்மையிலேயே பயிற்சி செய்திருந்தார். ஆனால் அதே காலாண்டில் அதே சிறிய கடை இன்னும் மூவருக்கும் கையெழுத்திட்டிருந்தது. மற்ற மூவர் கடைப் பக்கமே வந்ததில்லை. உண்மையாக உழைத்தவரும் அந்த மூவரோடு சேர்ந்து விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் மாமா வேறு யாருக்கெல்லாம் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

பதிவு கிடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 36-ஆம் பிரிவு, உண்மையை மறைத்தோ திரித்தோ பெற்ற பதிவை நீக்கும் அதிகாரத்தை மாநிலக் கவுன்சிலுக்குத் தருகிறது. கடன் வாங்கிக் கடை வைத்து, உங்கள் பெயரில் உரிமம் எடுத்து நடத்திக்கொண்டிருக்கும்போது அந்த நோட்டீஸ் வருவதை நினைத்துப் பாருங்கள். மாமாவும், சான்று என்று கையெழுத்திட்ட முதல்வரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புதிதாகப் பயிற்சி: எங்கே, எப்படி?

எனவே என் யோசனை, பதினான்கு வாரம் ஒதுக்கி 500 மணி நேரத்தையும் புதிதாகச் செய்துவிடுவது. குழந்தையை வைத்துக்கொண்டு அது எளிதில்லை என்பது தெரியும். ஆனால் முழுவதையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் செய்யலாம்.

அரசு மருத்துவமனைகள், அரசு மருந்தகங்கள், மாநகராட்சி மருந்தகங்கள், இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் ஆகியவை நேரடியாக ஏற்கப்படும். உரிமம் பெற்ற மருந்துக்கடையும் ஏற்கப்படும். தனியார் மருத்துவமனை என்றால் மட்டும் கவனம் வேண்டும். பெரிய கட்டடம், நூறு படுக்கை என்பதெல்லாம் போதாது, பயிற்சி அளிக்க இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே சேருங்கள்.

உங்களுக்கு ஏற்காடு அரசு மருத்துவமனைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். தினமும் மலையிறங்கி ஏறும் பஸ் பயணமே பாதி நாளைத் தின்றுவிடும். அங்கே எத்தனை மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், ஏற்கனவே எத்தனை பேர் பயிற்சியில் இருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இடம் இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கேட்கலாம். பல கல்லூரி மாணவர்களும் அங்கே கேட்பார்கள், ஆகவே முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கடையில்தான் செய்ய முடியும் என்றால், போய்ச் சேரும் முன் ஒரு மாலை ஏழு மணிக்குச் சும்மா போய் நில்லுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள முகம் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 36. பதின்மூன்று வாரத்தில் மூன்று மாதம் ஆகிவிடும், ஆனால் மணி நேரம் 468-தான். பதினான்காம் வாரத்தில் 504 ஆகும். அந்த 84 வேலை நாளில் நாளைக்கு மூன்று மணி நேரம் மருந்து வழங்கும் ஜன்னலில் நின்றால் 252. கேட்பதற்குப் போதும்போல் இருக்கிறது. ஒரே ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் ஜன்னல் நேரம் 249, மொத்தம் 498 ஆகிவிடும், விதி கேட்கும் 250-ம் 500-ம் போய்விடும். ஆகவே ஜன்னலில் மூன்றரை மணி நேரம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், விடுபட்ட நாளைக் கடைசியில் கூடுதலாக வந்து ஈடுசெய்துவிடுங்கள். மறுபக்கம், நாளைக்கு எட்டு மணி நேரம் நின்று பதினோரு வாரத்தில் முடித்துவிட்டேன் என்றாலும் செல்லாது. மூன்று மாதம் ஓட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், ஜன்னலில் நின்ற நேரம், அன்று பார்த்த சீட்டுகளில் கற்றது ஒரு வரி, கடைசியில் மருந்தாளுநரின் சுருக்கொப்பம். ‘ஓ.பி. சீட்டில் மாத்திரை அரை என்று இருந்தது, கவரில் காலைக் கட்டத்தில் அரை என்று எழுதிக் காட்டிக் கொடுத்தேன்’ என்பது போன்ற ஒரு வரி போதும். இருப்புப் பதிவேடு, குளிர்பெட்டியில் வைக்கும் மருந்துகள், தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகள் என்று பதிவேட்டு வேலையும் கிடங்கு வேலையும் பயிற்சியில் அடங்கும். அந்த நாட்களையும் எழுதுங்கள். சுருக்கொப்பத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாகப் போட்ட கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

படிவம் போகும் வழி

செய்முறைப் பயிற்சி ஒப்பந்தப் படிவம் மூன்று பிரதிகளாக வரும். பயிற்சி தொடங்கும் முன் நீங்கள் முதல்வருக்கு விண்ணப்பம் எழுதி அதை வாங்க வேண்டும். முதல் பிரிவை முதல்வர் நிரப்புவார், இரண்டாவதை நீங்கள், மூன்றாவதைப் பயிற்சி தர ஒப்புக்கொள்ளும் மருத்துவமனையோ கடையோ. இந்த மூன்று பிரிவும் நிறைந்த முதல் பிரதியைக் கல்லூரியில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. கொடுத்ததற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதற்கு அந்த முத்திரையே உங்கள் சாட்சி. மற்ற இரண்டு பிரதிகள் உங்களிடமோ பயிற்சி தருபவரிடமோ இருக்கும்.

முடிந்ததும் பயிற்சி தந்தவர் நான்காம் பிரிவை நிரப்பிக் கல்லூரிக்கு அனுப்புவார். முதல்வர் ஐந்தாம் பிரிவை நிரப்பி, இரண்டாம் மூன்றாம் பிரதிகளை உங்களிடம் தருவார். எல்லாப் பிரிவும் நிறைந்த அந்தப் படிவமே மூன்றாம் பகுதி தேறியதற்கான சான்று. ‘இவர் எங்களிடம் பயிற்சி பெற்றார்’ என்று கடைத் தாளில் அடித்துத் தரும் கடிதம் இதற்கு ஈடாகாது. இரண்டு இடங்களில் பயிற்சி என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் கேளுங்கள். மணி நேரமும் தேதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலுக்குக் கொண்டுபோக வேண்டியவை

டிப்ளமோ கைக்கு வந்த பிறகு தமிழ்நாடு பார்மசி கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டி.பார்ம். இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ, நிறைந்த பயிற்சிப் படிவம், கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ், முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றின் அசலையும் நகலையும் சேர்த்து வையுங்கள். பதிவுக்கு நீங்கள் தமிழ்நாட்டில் வசிப்பவராகவோ இங்கே இந்தத் தொழிலைச் செய்பவராகவோ இருக்க வேண்டும், முகவரிச் சான்று அதற்காக. இவற்றோடு, நீங்கள் படித்த ஆண்டில் உங்கள் கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருந்தது என்பதற்கான கடித நகலைக் கல்லூரியிலேயே கேட்டு வாங்குங்கள். இன்று அங்கீகாரம் இருக்கிறது என்பது 2017-க்கு விடையாகாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு தாளும் தேவைப்படும். 2022-ல் டி.பார்ம். முடிப்பவர்களுக்கு ஒரு தகுதித் தேர்வு கொண்டுவரப்பட்டது. மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் சேர்ந்தது அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, ஆனால் டிப்ளமோவில் இனி வரப்போகும் தேதியை மட்டும் பார்ப்பவர் உங்களைப் புதிய மாணவி என்று எண்ணக்கூடும். ஆகவே 2017-ல் சேர்ந்ததையும் 2019-ல் இரண்டாம் ஆண்டு எழுதியதையும் குறிப்பிட்டுக் கல்லூரியிடம் ஒரு சான்று வாங்குங்கள். அதன் நகலுடன், இந்தத் தேர்வு உங்களுக்குப் பொருந்துமா என்று கவுன்சிலுக்கு இப்போதே பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். பதில் வருவதற்குள் பயிற்சி பாதி முடிந்திருக்கும்.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சான்றுகளில் அப்பாவின் தலைப்பெழுத்தும், திருமணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்தும் இருப்பது நம் பெண்களுக்கு வழக்கமாக வரும் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே விண்ணப்பியுங்கள். ஆதார் மாறியிருந்தால் அதை முன்கூட்டியே அந்தப் பெயருக்குத் திருத்திவிடுங்கள், திருமணப் பதிவுச் சான்றையும் உடன் வையுங்கள். பயிற்சிப் படிவத்திலும் அதே பெயர், அதே தலைப்பெழுத்து இருக்கட்டும்.

அதுவரை கடை?

வேறொருவரின் பதிவை வாடகைக்கு எடுத்துக் கடை திறப்பது கூடாது. கடையை யார் நடத்தலாம் என்பதும் மருந்தை யார் கொடுக்கலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். முழுநேரமும் உண்மையாகவே கடையில் இருக்கும் மருந்தாளுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, அவர் பெயரைக் காட்டி உரிமம் பெற்றுக் கடை நடத்துவது சட்டப்படி சரி. பெயர் மட்டும் சுவரில் இருந்து, மருந்தை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவின் கீழ் குற்றம். பிறகு பதிவு கேட்டுப் போகும்போது அந்த வழக்கும் உங்களோடு வரும். மலையில் முழுநேர ஆள் கிடைப்பது கடினம் என்றால், உங்கள் பதிவு வரும்வரை கடையைத் தள்ளிப்போடுங்கள்.

மாமாவின் கடையும் இதே நிலையில்தான் நடக்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கையெழுத்திட்டார். ஆனால் அந்தப் படிவம் ஓர் அலுவலகக் கோப்புக்குள் போனால், அவர் கடையில் மருந்தாளுநர் இல்லாததற்கு அவரே எழுதிக் கொடுத்த ஆதாரமாகிவிடும். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே படிவத்தின் குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதிவிடுங்கள். அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

பயிற்சி முடித்து, எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பதிவாளர் மறுத்தால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாநிலக் கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்ய பார்மசி சட்டத்தின் 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நிலை வந்தால் கடிதத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இப்போதைக்கு முதல் வேலை கல்லூரிக்குப் போய் முதல்வரிடம் மூன்று பிரதி வெற்றுப் படிவம் கேட்பதுதான்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்